'சோதனை முறையில்' என்று மட்டும் எழுதிய தீர்மானம்

எங்கள் பாசன சபையின் தீர்மான நோட்டில் ஒரு வரி இருக்கிறது: "கடைமடைக்கு முதலில் தண்ணீர் விடுவது என்று சோதனை முறையில் தீர்மானிக்கப்பட்டது." எழுதியவன் நான்தான். கீழ்பவானி வாய்க்காலின் ஒரு மதகுக்குக் கீழே இருக்கும் சிறிய சபை எங்களுடையது. மறு ஆண்டு தண்ணீர் வந்தபோது தலைமடைக்காரர்கள், "சோதனை போன வருடத்தோடு முடிந்துவிட்டது" என்றார்கள். கடைமடைக்காரர்கள், "முடிந்தது என்று எங்கே எழுதியிருக்கிறதுங்க?" என்று கேட்டார்கள். நோட்டைப் பார்த்தால் இரு தரப்பு சொன்னதும் சரிதான். முடிவு நாள் இல்லாத சோதனையை யாரும் முடித்துவைக்க முடியாது. 'தற்காலிகமாக', 'அடுத்த முடிவு வரும் வரை' என்று எழுதினாலும் கதி அதுதான்.

இரண்டாவது தவறு, கூட்டம் நடந்த நாளையே அமலாகும் நாளாக எடுத்துக்கொள்வது. நாங்கள் கூடியது ஜூலையில். தண்ணீர் திறப்பதோ பெரும்பாலும் ஆகஸ்ட் நடுவில், அதுவும் அணையின் இருப்பைப் பொறுத்தது. சோதனைக்கு 60 நாள் என்று வைத்து ஜூலையிலிருந்து எண்ணினால் பாதிச் சோதனை வறண்ட வாய்க்காலிலேயே கழிந்துவிடும். அதனால் 'எங்கள் மதகு திறக்கும் நாள் முதல்' என்று நிகழ்வோடு கட்டவேண்டும். அப்படிக் கட்டினாலும் ஒரு கடைசி எல்லை தேவை. திறப்பே தள்ளிப்போனால் தீர்மானம் காத்துக்கொண்டே இருக்கும். இந்த ஆண்டுக்காகச் செய்த முடிவு அடுத்த ஆண்டுத் தண்ணீரில் போய் விழும்.

நாள் எண்ணுவதில்தான் சண்டை அதிகம். ஆகஸ்ட் 15 திறந்தால் 60ஆம் நாள் எது? திறந்த நாளையும் சேர்த்தால் ஆகஸ்டில் 17, செப்டம்பரில் 30, மீதி 13; ஆக அக்டோபர் 13. திறந்த நாளை விட்டுவிட்டு எண்ணினால் அக்டோபர் 14. 1897ஆம் ஆண்டின் பொது வாசகச் சட்டம், 9ஆம் பிரிவில், 'இந்த நாளிலிருந்து' என்ற பொருளில் எழுதினால் முதல் நாள் சேராது என்கிறது. அது மத்தியச் சட்டங்களைப் படிப்பதற்கான விதி; எங்கள் நோட்டைக் கட்டுப்படுத்தாது. ஒரு நாள் தண்ணீருக்காக வரப்பில் நின்று சட்டம் பேசுவதைவிட, மதகு திறந்த அன்றே கடைசி நாளையும் மணியையும் கணக்கிட்டு நோட்டில் ஏற்றிக் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது.

மறுபரிசீலனையைக் கடைசி நாளன்று வைப்பது அடுத்த பிழை. அன்று கோரம் சேரவில்லையென்றால் முடிவெடுக்க ஆளில்லாமலே கெடு தீர்ந்துவிடும். எங்கள் வயல்களுக்குத் தண்ணீர் முறை வருவது பத்து நாளுக்கு ஒரு தடவை. நான்கு முறை சுற்றி வந்தால் செப்டம்பர் 23. அதற்குள் பலன் தெரிந்துவிடும். செப்டம்பர் 28இல் கூடினால், ஆள் சேராவிட்டாலும் இன்னொரு கூட்டத்துக்கு நாள் மிச்சம் இருக்கும். எதைப் பார்த்து முடிவெடுப்பது என்பதையும் முன்பே எழுதவேண்டும்: கடைசி வயலுக்கு எத்தனை முறை தண்ணீர் எட்டியது, தலைமடையில் எத்தனை வயல் காய்ந்தது. இல்லையென்றால் மறுபரிசீலனைக் கூட்டம், யார் குரல் பெரியது என்ற போட்டியாகிவிடும்.

இனி, கெடு தீர்ந்தால் எது திரும்ப வரும்? 'பழைய முறை' என்றோம். அந்தப் பழைய முறை எங்கும் எழுதப்படவில்லை. இரண்டு பெரியவர்களின் நினைவில் இருந்தது, இருவர் நினைவும் ஒத்துப்போகவில்லை. பழைய வரிசையைப் பெயர்வாரியாக எழுதித் தீர்மானத்தோடு ஒட்டாமல், அது தானாகத் திரும்பும் என்று நம்ப முடியாது. பாதியில் நிற்கும் பாய்ச்சலுக்கும் ஒரு வாக்கியம் வேண்டும்.

ஒரு வேலை மட்டும் செய்யவே கூடாது. கெடு முடிந்த பிறகு கூடி, 'நீட்டிக்கப்படுகிறது' என்று பழைய தேதியிட்டு எழுதுவது. தீர்ந்துபோனதை நீட்ட முடியாது. புதிய தேதியில் புதிய தீர்மானமாக எழுதி, இடைப்பட்ட நாட்களில் பழைய வரிசைதான் நடந்தது என்பதையும் ஒளிக்காமல் குறிக்கவேண்டும்.

இப்போது நாங்கள் எழுதுவது இப்படி:

"கடைமடை முதல் என்ற வரிசை, மதகு திறக்கும் நாளையும் சேர்த்து 60ஆம் நாள் மாலை 6 மணி வரை செல்லும், எப்படியானாலும் இந்த ஆண்டு டிசம்பர் 31ஐத் தாண்டாது. 45ஆம் நாள் மறுபரிசீலனைக் கூட்டம். கெடு தீர்வதற்குள் புதிய தீர்மானம் நிறைவேறாவிட்டால், இணைப்பில் உள்ள பழைய வரிசை தானாக அமலாகும். அப்போது பாய்ந்துகொண்டிருக்கும் வயல் மட்டும் தன் முறையை முடித்துக்கொள்ளலாம்."


மதகு திறந்ததும் இரண்டு தேதிகளையும் தலைவர் வீட்டு நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிடுகிறோம். நோட்டு என் பீரோவில் இருக்கிறது. அதை யாரும் தினமும் திறப்பதில்லை.