வழிகாட்டி நர்ஸுக்கு நன்றிக் கடிதம்

பிரிட்டனில் வார்டுப் பயிற்சி முடிக்கும் நர்சிங் மாணவர்கள், வழிகாட்டிக்கு எழுதும் நன்றிக் கடிதத்தில் அவர் கற்றுத்தந்த ஒரே ஒரு செயலை விவரித்து, வார்டின் பெயரையும் தேதியையும் சேர்க்க வேண்டும். “மூக்குவழிக் குழாயில் உணவு செலுத்தப் போன என்னை நிறுத்தி, உறிஞ்சிய திரவத்தின் பிஹெச் 5.5-ஐத் தாண்டவில்லை என்று பார்க்கச் செய்தீர்கள், இப்போது சோதிக்காமல் தொடங்குவதே இல்லை” என்பது போல.

அங்கே நர்ஸ்கள் 3 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது தம் பணி பற்றிய 5 கருத்துகளைக் காட்ட வேண்டும். மாணவர் கருத்தும் அதில் சேரும். “எல்லாவற்றுக்கும் நன்றி” என்ற வரியில் அவருக்கு எடுத்தெழுத எதுவும் இருக்காது.

நோயாளியை அடையாளம் காட்டும் பெயர், படுக்கை எண் எதுவும் வேண்டாம். மதிப்பீட்டில் கையெழுத்தாகும் முன் கடிதம் கொடுக்காதீர்கள். சலுகை கேட்பதுபோல் தோன்றிவிடும்.