தேதி மாறிய கண்காட்சியும் ஸ்டால் முன்பணமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறு உற்பத்தியாளர்களுக்குக் கண்காட்சி ஸ்டால்களைப் பதிவு செய்து கொடுப்பது என் வேலை. ஏற்பாட்டாளரே தேதியையோ இடத்தையோ மாற்றிய பிறகும், கட்டிய பணத்தைக் கேட்டுப் பெற முடியாமல் போகிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். இத்துறைக்கு வந்த புதிதில் நாங்கள் பலரும் செய்த தவறுகளையே அவர்களும் செய்கிறார்கள். ரசீதைப் பத்திரமாக வைப்பது போன்ற எல்லோரும் அறிந்தவற்றை விட்டுவிடுகிறேன்.

ஏற்பாட்டாளர் செய்த மாற்றத்தை உங்கள் ரத்தாக எழுதிக் கொடுப்பது

கரூரைச் சேர்ந்த ஒரு வீட்டு உபயோகத் துணி உற்பத்தியாளர், பொங்கல் விற்பனையைக் கருதி, ஜனவரி முதல் வாரத்தில் சென்னையில் நடக்கவிருந்த கண்காட்சியில் 9 சதுர மீட்டர் ஸ்டால் ஒன்றைப் பதிவு செய்தார். சதுர மீட்டருக்கு 9,000 ரூபாய் வீதம் வாடகை 81,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி 14,580 ரூபாய். ஆக மொத்தம் 95,580 ரூபாய். அதில் பாதியான 47,790 ரூபாயை முன்பணமாகக் கட்டினார். கண்காட்சிக்கு நாற்பது நாட்கள் இருந்தபோது ஏற்பாட்டாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கண்காட்சி ஏப்ரல் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்கப்படுவதாகவும், நகரின் நடுவிலிருந்த அரங்குக்குப் பதிலாகப் புறநகரிலுள்ள ஒரு திருமண மண்டபத்தில் நடக்கும் என்றும் அதில் இருந்தது.

அன்றிரவே அவர் பதில் எழுதினார்: “தவிர்க்க முடியாத காரணங்களால் எங்களால் பங்கேற்க இயலவில்லை. எங்கள் பதிவை ரத்து செய்து, பணத்தைத் திருப்பித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.”

பணிவான அந்தக் கடிதம்தான் அவருடைய பணத்தை முடக்கியது. விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கத்தில், பங்கேற்பாளர் ரத்து செய்தால் என்ன ஆகும் என்ற விதி இருந்தது: 90 நாட்களுக்கு முன்னர் ரத்து செய்தால் பாதிப் பணம் திரும்பக் கிடைக்கும்; 60 நாட்களுக்குள் செய்தால் எதுவும் கிடைக்காது, மீதி வாடகையையும் கட்ட வேண்டும். அவர் எழுதியதை அந்த விதிக்குள் அடக்கிக்கொண்டு, முன்பணத்தைத் தர மறுத்ததோடு மீதி 47,790 ரூபாயையும் ஏற்பாட்டாளர் கேட்டார். அறுபது நாள் கணக்கு பழைய தேதியிலிருந்து எண்ணப்பட்டிருந்தது. அந்தத் தேதியில் நடப்பதற்குக் கண்காட்சியே இல்லை. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. ஏனெனில் அவர் வராமல் போனதற்குக் காரணம் ஏற்பாட்டாளர், ஆனால் அவருடைய கடிதத்தில் அந்தக் காரணம் ஓரிடத்திலும் இல்லை.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, குறித்த காலம் ஒப்பந்தத்துக்கு இன்றியமையாததாக இருந்து, அந்தக் காலத்தில் ஒரு தரப்பு தன் கடமையை நிறைவேற்றாவிட்டால், மறு தரப்பு அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்பது 55-ஆவது பிரிவு. அவ்வாறு முடித்துக்கொள்ளும்போது, பெற்ற பணத்தைத் திருப்பித் தரும் கடமை மறுபக்கத்தில் எழுகிறது. ஆனால் காலம் இன்றியமையாததாக இருந்தது என்பதை நாம்தான் காட்ட வேண்டும். ஆகவே கடிதம் ஏறக்குறைய இப்படி அமைய வேண்டும்:

“ஜனவரி முதல் வாரத்தில், இன்ன அரங்கில் என்று உங்கள் விண்ணப்பப் படிவத்திலும் விலைப்பட்டியலிலும் குறிப்பிட்டிருந்ததை நம்பி, பொங்கல் விற்பனைக்காக இந்த ஸ்டாலைப் பதிவு செய்தோம். தேதியையும் இடத்தையும் நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள். இந்த மாற்றத்துக்கு நாங்கள் சம்மதிக்கவில்லை. ஒப்புக்கொண்டபடி ஸ்டாலை உங்களால் தர இயலாததால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறோம். இது பங்கேற்பாளர் ரத்து விதியின் கீழ் வரும் கோரிக்கை அல்ல. 47,790 ரூபாயை 15 நாட்களுக்குள் இன்ன வங்கிக் கணக்கில் செலுத்துங்கள்.”

எழுதுவதற்கு முன் படிவத்தில் இன்னொரு விதியைத் தேட வேண்டும். தேதியையும் இடத்தையும் மாற்றும் உரிமை ஏற்பாட்டாளருக்கு உண்டு என்ற வரி பெரும்பாலான படிவங்களில் இருக்கும். சிலவற்றில் இயற்கைப் பேரிடர், அரசு உத்தரவு ஆகியவற்றுக்கு மட்டும் அந்த உரிமை உண்டு. அப்படியானால் மாற்றத்துக்கு என்ன காரணம் என்று எழுத்தில் கேளுங்கள், போதிய பதிவு சேரவில்லை என்பது அதில் அடங்காது. சிலவற்றில் தேதி மட்டும் சொல்லப்பட்டிருக்கும், இடம் இருக்காது. எந்தக் காரணத்துக்காகவும் இரண்டையும் மாற்றலாம், பணம் திரும்பாது என்று வெளிப்படையாக எழுதி நீங்கள் கையெழுத்திட்டிருந்தால், உங்கள் நிலை பலவீனமானதுதான். அப்போது வழக்கைவிடப் பேச்சுவார்த்தையே பயன் தரும்.

2020-இல் நந்தம்பாக்கத்திலுள்ள சென்னை வர்த்தக மையம் கொரோனா சிகிச்சை மையமாக மாற்றப்பட்டதைப் போன்ற சூழ்நிலை வேறு. அங்கே ஏற்பாட்டாளர் மீது குற்றமில்லை. ஆயினும் படிவம் வேறு விதமாகச் சொல்லாதவரை, நிறைவேற்ற முடியாமற்போன ஒப்பந்தத்தின் கீழ் பெற்ற பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது 65-ஆவது பிரிவு. நஷ்டஈடு கேட்க முடியாது, கட்டிய பணத்தைக் கேட்கலாம்.

சம்மதித்தவரைப் போல நடந்துகொள்வது

புதிய தேதி வந்த பிறகு, ஸ்டாலின் முகப்புப் பலகைக்குப் பெயர் அனுப்புவது, இரண்டாம் தவணை கட்டுவது, புதிய வரைபடத்தில் மூலை ஸ்டால் கேட்பது, வாட்ஸ்அப் குழுவில் “சரி, நன்றி” என்று பதிலிடுவது ஆகிய அனைத்தும் சம்மதத்துக்குச் சான்றாகக் காட்டப்படும். சொல்லால் மட்டுமன்றி நடத்தையாலும் ஒப்பந்தம் தொடர இசைவு தெரிவிக்கலாம் என்று சட்டமே கூறுகிறது. யோசிக்க அவகாசம் தேவையானால், “மாற்றத்தை ஏற்கிறோமா என்பதை இன்ன தேதிக்குள் தெரிவிக்கிறோம், அதுவரை இதைச் சம்மதமாகக் கொள்ள வேண்டாம்” என்று உடனே எழுதிவிடுங்கள். புதிய தேதியில் கலந்துகொள்ளவே முடிவு செய்தாலும், தாமதத்தால் ஏற்பட்ட நஷ்டத்தைக் கேட்கும் எண்ணம் இருந்தால், அதை ஏற்கும் நேரத்திலேயே அறிவித்தாக வேண்டும். பிறகு கேட்கும் உரிமை இல்லை.

பழைய விளம்பரத்தைச் சேமிக்காமல் விடுவது

அறிவிப்பு வந்த அன்றே இணையப் பக்கம், அரங்க வரைபடம், துண்டறிக்கை மூன்றையும் தேதி தெரியும்படி படமெடுத்து வையுங்கள்; அவை மாற்றப்பட்டுவிடும்.

‘அடுத்த ஆண்டு சரிசெய்கிறோம்’ என்பதற்குத் தலையாட்டுவது

ஆட்டாதீர்கள்.

ஜிஎஸ்டியை மறப்பது

ஏற்பாட்டாளர் வரி விலைப்பட்டியல் கொடுத்திருந்தால், பணத்தோடு வரவுக் குறிப்பையும் கேட்க வேண்டும். 2025-26 நிதியாண்டின் விலைப்பட்டியலுக்கு, அந்த வரவுக் குறிப்பை அவர் தன் கணக்கில் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ள அதிகபட்சம் 2026 நவம்பர் 30 வரையே அவகாசம். அதைத் தாண்டினால், மேற்சொன்ன முன்பணத்தில் 40,500 ரூபாயை மட்டும் தந்து, வரியான 7,290 ரூபாயை அரசிடம் கட்டிவிட்டதாகக் கைவிரிப்பார். முன்பணத்துக்கு ரசீது மட்டுமே கொடுத்து விலைப்பட்டியல் போடவில்லையென்றால், அவர் தர வேண்டியது திருப்பிச் செலுத்தல் ரசீது. நீங்கள் உள்ளீட்டு வரிச் சலுகை எடுத்திருந்தால், அதை உங்கள் கணக்கிலும் திருப்பிக் காட்டியாக வேண்டும்.

தவறான கதவைத் தட்டுவது

சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இருக்கிறது என்று பலர், நிலுவைத் தொகைப் புகார்களுக்கான அரசு இணையத் தளத்தில் புகார் அளிக்கிறார்கள். பொருளோ சேவையோ கொடுத்துவிட்டுப் பணம் வராமல் நிற்கும் சிறு நிறுவனங்களுக்கானது அது. ஸ்டால் விஷயத்தில் நாம் சேவையைப் பெறுபவர்கள். நுகர்வோர் ஆணையமும், வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றவர்களின் புகாரை ஏற்பதில்லை. சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் நடத்துபவர்கள் அங்கே விதிவிலக்குக் கோரிப் பார்க்கலாம், ஆனால் கிடைக்கும் என்பது உறுதியில்லை. ஊறுகாய் செய்து தானே விற்கும் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்குள் அங்கே முயன்று பார்க்கலாம். மற்றவர்கள் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பி, பணம் வராவிட்டால் மூன்று ஆண்டுகளுக்குள் உரிமையியல் நீதிமன்றத்தை நாட வேண்டும். அதற்கு முன், படிவத்தில் நடுவர் தீர்ப்பு விதியோ வேறு ஊர் நீதிமன்றத்தின் பெயரோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 47,790 ரூபாய்க்காகக் கரூரிலிருந்து டெல்லிக்குப் போய் வழக்கு நடத்துவது கட்டுப்படியாகாது என்பது ஏற்பாட்டாளருக்கும் தெரியும்.