சாவி வாங்கும் முன் ஒரு கடிதம்

ஏற்காட்டில் காட்டேஜ் கட்டக் கொடுத்தவர் ஒருவர், பத்து வாரம் தாமதமாகச் சாவி வாங்கினார். சிரித்தபடி வாங்கிக்கொண்டு, பிறகு இழப்பீடு கேட்டார். அங்கேதான் சறுக்கல். காலக்கெடு முக்கியம் என்று எழுதிய ஒப்பந்தத்தில், தாமதமான வேலையை ஏற்கும்போதே "இழப்பீடு கோருவேன்" என்று அறிவிக்காவிட்டால் உரிமை போய்விடும். 1872 ஒப்பந்தச் சட்டம், பிரிவு 55. ஆகவே சாவிக்கு முன் கடிதம்.

கடிதத்தில் தாமத இழப்பீடு பற்றிய ஒப்பந்த ஷரத்தை எண்ணோடு வார்த்தை மாறாமல் எழுதுங்கள். கீழே கணக்கு. அவருடைய ஒப்பந்தத் தொகை 40 லட்சம், தாமதத்துக்கு இழப்பீடு வாரத்துக்கு அதில் 0.5 சதவீதம், உச்சவரம்பு 5 சதவீதம். கெடு மார்ச் 31, ஒப்படைப்பு ஜூன் 9, ஆக 70 நாள். அதில் இரண்டு வாரம் டைல்ஸ் தேர்வை இவரே இழுத்தடித்தது. அதை நாமே கழித்துக் காட்டினால் காண்ட்ராக்டர் பேச இடமிருக்காது.

```
40,00,000 × 0.5% = 20,000 (ஒரு வாரம்)
10 − 2 = 8 வாரம்
8 × 20,000 = 1,60,000
உச்சவரம்பு: 2,00,000
```

ஷரத்தில் இருப்பதாலேயே முழுத்தொகையும் கைக்கு வராது. அதே சட்டத்தின் பிரிவு 74 தருவது நியாயமான இழப்பீடு மட்டுமே. எழுதிய தொகை அதன் உச்சம். நஷ்டமே இல்லையென்றால் எதுவும் கிடைக்காது என்று 2015-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மே மாத சீசனில் ரத்தான அறை முன்பதிவுகளின் நகலை இணையுங்கள். இவரிடம் அவை இருந்தன, பாவம், கடிதம்தான் இல்லை.