ப்ரொப்பெல்லர் பிளேடில் குழி: தேடும் இடமே தவறினால்

உலர்துறையில் கப்பல் ஏறியதும் பெரும்பாலானவர்கள் பின்னால் நின்று ப்ரொப்பெல்லரைப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அங்கிருந்து தெரிவது பிளேடின் அழுத்தப் பக்கம் மட்டுமே. குழிகள் பெரும்பாலும் இருப்பது மறுபக்கத்தில், அதாவது கப்பலின் உடலைப் பார்த்திருக்கும் உறிஞ்சு பக்கத்தில். ப்ரொப்பெல்லருக்கும் உடலுக்கும் இடையே ஆள் நுழைந்து, விளக்கடித்துப் பார்த்தால்தான் அது தெரியும்.

பிளேடின் பின்பக்க முகம் தண்ணீரைத் தள்ளுவதால் மட்டும் கப்பல் நகர்கிறது என்ற எண்ணமே இந்தத் தவறுக்கு வேர். பிளேடின் வெட்டுமுகம் விமான இறக்கையைப் போன்றது. பின்பக்கம் பார்த்த முகத்தில் அழுத்தம் கூடுகிறது. முன்பக்கம் பார்த்த முகத்தில் குறைகிறது. உந்துவிசையில் பெரும்பங்கு இந்தக் குறைவால்தான் வருகிறது. உந்துவிசை வேண்டுமென்றால் எங்கோ அழுத்தம் குறைந்தே ஆக வேண்டும். அது அளவுமீறிப் போகும்போது தண்ணீரில் குமிழிகள் பிறப்பதுதான் கேவிட்டேஷன்.

அடுத்த தவறு, அந்தக் குமிழிகளைக் காற்று என்று நினைப்பது. அவை நீராவி. 20 டிகிரி செல்சியஸில் அழுத்தம் சுமார் 2.3 கிலோபாஸ்கலுக்கு இறங்கினால், சூடேறாமலே தண்ணீர் ஆவியாகிறது. மேற்பரப்பிலிருந்து காற்று உறிஞ்சப்படுவது வேறு கதை: அப்போது உந்துவிசை சட்டென விழும், ஆர்பிஎம் எகிறும். ஆனால் காற்றுக் குமிழி பிளேடை அவ்வளவாக அரிக்காது, ஏனென்றால் அழுத்தம் கூடினாலும் காற்று உள்ளேயே மெத்தைபோல் இருக்கும். நீராவிக் குமிழியோ நொடியில் தண்ணீராகி, உள்ளே எதுவுமின்றி நொறுங்கிவிடும்.

எவ்வளவு எளிதில் இந்த நிலை வருகிறது என்பதற்கு ஒரு கணக்கு. 6 மீட்டர் விட்டம், 4 பிளேடு, 100 ஆர்பிஎம், தண்டின் மையம் 5 மீட்டர் ஆழத்தில் என்று வைத்துக்கொள்வோம். பிளேடு நுனியின் வேகம் நொடிக்கு சுமார் 31 மீட்டர். அந்த வேகத்தின் இயக்க அழுத்தம் ஏறக்குறைய 500 கிலோபாஸ்கல். நுனி உச்சியில் இருக்கும்போது ஆழம் 2 மீட்டர்தான். வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்தால், ஆவியாகும் எல்லைவரை இருக்கும் இடைவெளி சுமார் 119 கிலோபாஸ்கல். அதாவது இயக்க அழுத்தத்தின் கால்பங்கு அளவுக்கு அழுத்தம் குறைந்தாலே போதும். அதே நுனி கீழே வரும்போது ஆழம் 8 மீட்டர், இடைவெளி 179.

அதோடு உச்சியில் இன்னொரு சிக்கல் உண்டு. உடலை ஒட்டி வரும் தண்ணீர் அங்கே மெதுவாக வருவதால் பிளேடு அதைக் கூடுதலான கோணத்தில் வெட்டுகிறது. உறிஞ்சல் இன்னும் கூடுகிறது. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் உச்சிப் பகுதியில் ஆவித் திரை பிறந்து, அதைத் தாண்டியதும் நொறுங்குகிறது. சரக்கு இல்லாமல், எடைக்காக நிரப்பிய பாலஸ்ட் தண்ணீரோடு மட்டும் ஓடும்போது, ஆழம் குறைவதால் நிலைமை இன்னும் மோசம்.

ஆவி பிறக்கும் இடமும் உலோகம் அரிபடும் இடமும் ஒன்றல்ல. முன்விளிம்பருகே பிறக்கும் குமிழி, பிளேடோடு பின்னே நகர்ந்து, அழுத்தம் கூடும் இடத்தில்தான் நொறுங்கும். சுவரருகே நொறுங்கும்போது அதிலிருந்து நுண்ணிய நீர்த்தாரை ஒன்று உலோகத்தை நோக்கிப் பாய்கிறது. கூடவே அதிர்ச்சி அலையும். லட்சக்கணக்கில் இது நடந்தால் வெண்கலமும் கடற்பஞ்சுபோல் கரடுமுரடாகிவிடும். குழியை எப்பாக்ஸி பூசி மூடிவிட்டு வேலை முடிந்தது என்று விடுவதால்தான் அதே இடம் மீண்டும் மீண்டும் அரிபடுகிறது. பூச்சு பெரும்பாலும் பிய்த்துக்கொண்டு போய்விடும். அரிப்பின் காரணமோ அப்படியே இருக்கும்.

காரணத்தைத் தேட ஓர் எளிய வழி, எல்லா பிளேடுகளையும் ஒப்பிடுவது. ஒரே பிளேடில் மட்டும் குழி என்றால், அதற்கு நேர் முன்னால் உள்ள முன்விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். மரக்கட்டையோ கயிறோ இடித்த சிறு நசுங்கலோ வளைவோ பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். எல்லா பிளேடிலும் ஒரே ஆரத்தில் குழி என்றால், குற்றம் வடிவமைப்பிலோ உடலைச் சுற்றிய நீரோட்டத்திலோ இருக்கிறது; விளிம்பைத் தேய்த்துத் தீராது. நசுங்கலைச் சரிசெய்யும்போது கண்மதிப்பில் கிரைண்டர் வைப்பதும் ஆபத்து. முன்விளிம்பின் வளைவு சற்று மாறினாலே புதிதாக ஆவி பிறக்கும். அசல் வரைபடத்துக்கு ஏற்ற டெம்ப்ளேட்டை வைத்துச் சரிபார்த்தே தேய்க்க வேண்டும்.

சத்தத்தையும் மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள். பின்பகுதியில் சரளைக்கல் கொட்டுவதுபோல் கேட்டால் அது நொறுங்கும் குமிழிகள். கூடவே நம் கணக்கில் நொடிக்கு 6.7 முறை (4 பிளேடு × 100 ÷ 60) உடலைத் தாக்கும் அழுத்தத் துடிப்பு, அதிர்வாகத் தெரியும். ஆனால் ஒரே சுருதியில் பாடுவதுபோல் கேட்டால், அது பின்விளிம்பிலிருந்து சுழல்கள் உதிர்வதால் வருவது. மருந்து பின்விளிம்பைச் சீவுவதில் இருக்கிறது. பிரித்தறிய ஆர்பிஎம்மைப் படிப்படியாக ஏற்றிப் பாருங்கள். பாட்டு ஒரு குறுகிய வேக எல்லையில் மட்டும் வந்து மறையும். கேவிட்டேஷன் சத்தம் ஒரு வேகத்தில் தொடங்கியபின் பொதுவாகக் கூடிக்கொண்டே போகும்.

பிளேடின் சாய்வை மாற்றக்கூடிய ப்ரொப்பெல்லரில், கப்பலை மெதுவாக்க ஆர்பிஎம்மைக் குறைக்காமல் சாய்வை மட்டும் குறைப்பது பலரின் வழக்கம். நுனி வேகம் அப்படியே இருக்க, நீர் பிளேடைத் தாக்கும் கோணம் எதிர்மறையாகி, அழுத்தப் பக்கத்திலேயே ஆவி பிறக்கிறது. கப்பல் மெதுவாகப் போகிறது, சத்தமோ குறைவதில்லை. பின்னால் நின்று பார்ப்பவர் கண்ணில் குழி படுகிறதென்றால், முதலில் விசாரிக்க வேண்டியது இந்த வழக்கத்தைத்தான்.