திறக்கும் முன்பே படிக்கப்படும் வரி: முன்னோட்ட வரியும் முதல் வரியும் எழுதும் முறை

இன்பாக்ஸில் ஒரு மின்னஞ்சல் வந்து நிற்கும்போது, அனுப்பியவரின் பெயருக்கும் பொருள் வரிக்கும் அடுத்தபடியாக, மங்கிய எழுத்தில் ஒரு துண்டு வாசகம் தெரிகிறது. பலர் பொருள் வரியை யோசித்து எழுதிவிட்டு இந்தத் துண்டை மென்பொருளின் போக்கில் விட்டுவிடுகிறார்கள். அந்த இடத்துக்கென்று நாமே எழுதித் தரும் வாசகம்தான் முன்னோட்ட வரி. அதை எழுதுவது எப்படி என்பதை, மார்த்தாண்டம் பக்கத்தில் தேனீப் பெட்டிகள் வைத்து, தேனை நேரடியாக வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிவைக்கும் ஒரு குடும்பத்தின் மடலை எடுத்துக்காட்டாகக் கொண்டு பார்ப்போம். ரப்பர் மரங்கள் புதிதாகத் துளிர்க்கும் மாதங்களில் எடுத்த தேன் விற்பனைக்குத் தயாராகிவிட்டது. அதைத் தெரிவிக்க மார்ச் மாதத்தில் ஒரு மடல் போகிறது.

படி 1: இப்போது என்ன தெரிகிறது என்று பாருங்கள்

மடலை முதலில் உங்களுக்கே அனுப்பி, திறக்காமல், கைபேசியில் பட்டியலை மட்டும் பாருங்கள். நமது தேன் மடல் இப்படித் தெரிந்தது என்று வைத்துக்கொள்வோம்:

பொருள்: மார்ச் மாதத் தேன் மடல்
துண்டு: இந்தக் கடிதம் சரியாகத் தெரியவில்லையா? உலாவியில் திறக்க இங்கே அழுத்தவும். அன்புள்ள…

இதற்குக் காரணம் எளிது. முன்னோட்ட வரி என்று தனியாக ஒன்று கொடுக்கப்படாவிட்டால், மின்னஞ்சல் செயலி மடலின் உடலில் முதலில் கிடைக்கும் எழுத்துகளை அப்படியே எடுத்துக்கொள்ளும். மேலே இருப்பது உலாவி இணைப்பு என்றால் அது வரும். முத்திரைப் படம் என்றால், அந்தப் படத்துக்குக் கொடுத்த மாற்று உரை வரக்கூடும். ஆகவே உலாவி இணைப்பை மடலின் அடிப்பகுதிக்கு நகர்த்துவதே முதல் வேலை.

படி 2: பொருள் வரி எழுப்பும் கேள்விக்கு விடை எழுதுங்கள்

பொருள் வரியை “இந்த ஆண்டின் ரப்பர் தேன் தயார்” என்று மாற்றுவோம். இதைப் படிக்கும் பழைய வாடிக்கையாளருக்கு அடுத்து எழும் கேள்வி, விலை என்ன, எப்போது கிடைக்கும் என்பதுதான். முன்னோட்ட வரி அங்கே தொடங்க வேண்டும். “எங்கள் புதிய தேன் வந்துவிட்டது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம்” என்று எழுதினால், பொருள் வரி சொன்னதையே மறுபடி சொன்னதாகும். இருக்கும் சிறிய இடமும் வீணாகும்.

படி 3: செய்தியை வாக்கியத்தின் தலைப்பகுதிக்குக் கொண்டுவாருங்கள்

தமிழில் எழுதுவோர் மிகவும் கவனிக்க வேண்டிய படி இதுவே. நமது வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வரும்; அதற்கு முன்னால் இடம், காலம், அடைமொழி எல்லாம் அடுக்காக நிற்கும். கடிதத்தில் அது அழகாக இருக்கும். கைபேசியிலோ வரி பாதியில் வெட்டப்படுவதால், எது நடந்தது என்ற சொல்லே காணாமல் போய்விடும். “மார்த்தாண்டத்தை அடுத்த எங்கள் ரப்பர் தோட்டங்களில் இந்தப் பருவத்தில் சேகரிக்கப்பட்ட…” என்று நின்றுவிட்டால், தேன் விற்கிறதா, தீர்ந்துவிட்டதா என்றே படிப்பவருக்குத் தெரியாது.

நீண்ட வாக்கியத்தைச் சுருக்குவதைவிட, அதை உடைத்துவிடுவதே நல்லது:

ஒரு கிலோ 450 ரூபாய். 15ஆம் தேதி அனுப்புகிறோம். தேன் உறைவது ஏன் என்பதும் உள்ளே.

முதல் வாக்கியத்தோடு வெட்டப்பட்டாலும் இது பயன்படும். இரண்டாவது வரை தெரிந்தால் இன்னும் நல்லது. மூன்றாவது, அகலமான திரையில் பார்ப்பவருக்கு. ரப்பர் தேன் விரைவில் உறையும் இயல்புடையது என்பதால், சீனிப்பாகு கலந்திருக்குமோ என்ற ஐயம் வாங்குபவர்களுக்கு வருவதுண்டு. அந்த ஐயத்துக்கு மடலில் உண்மையிலேயே விடை இருந்தால் மட்டும் மூன்றாவது வாக்கியத்தை எழுதுங்கள்.

எத்தனை எழுத்து வரை எழுதலாம் என்று கேட்டால், எண்ணிக்கையை நம்பாதீர்கள் என்பேன். “தேன்” என்பது நமக்கு இரண்டு எழுத்து. கணினி அதை நான்கு குறியீடுகளாக எண்ணும். எனவே மடல் அனுப்பும் மென்பொருள் காட்டும் எண், நாம் எண்ணுவதைவிடக் கூடுதலாக இருக்கும். அதே நேரத்தில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளைவிட அகலமானவை. ஆங்கிலத்துக்குச் சொல்லப்படும் அளவுகளும் நமக்குப் பொருந்தா. திரைக்குத் திரையும் அளவு மாறும்: கணினி ஜிமெயிலில் பொருள் வரியும் துண்டும் ஒரே வரியைப் பங்கிட்டுக்கொள்வதால், பொருள் வரி நீண்டால் துண்டு குறுகும்; ஐபோனின் மெயில் செயலியிலோ எத்தனை வரி தெரிய வேண்டும் என்பதைப் பயனரே அமைத்துக்கொள்ளலாம்.

படி 4: முதல் வரி

வடிவமைப்பு ஏதுமில்லாத சாதாரண மின்னஞ்சலில் முன்னோட்ட வரி தனியாகக் கிடையாது; மடலின் முதல் வரியே துண்டாகும். வரி மாற்றி எழுதினாலும் பட்டியலில் எல்லாம் ஒரே ஓட்டமாகச் சேர்ந்துவிடும். “அன்புள்ள வாடிக்கையாளர் அவர்களுக்கு, வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம்” என்ற மரபான தொடக்கம், கிடைக்கும் இடம் முழுவதையும் தின்றுவிடும். மரியாதையை விட வேண்டியதில்லை. “வணக்கம். ரப்பர் தேன் ஒரு கிலோ 450 ரூபாய், 15ஆம் தேதி அனுப்புகிறோம்” என்று தொடங்கி, நலம் விசாரிப்பதை இரண்டாவது பத்தியில் வைத்துக்கொள்ளலாம். வயதில் மூத்த வாடிக்கையாளர்கள் இதைக் குறைவாக நினைப்பதில்லை என்பது என் கணிப்பு. “அவர்களுக்கு” என்பதைவிட விலை தெரிவதையே அவர்களும் விரும்புவார்கள்.

முன்னோட்ட வரியைத் தனியாகக் கொடுக்கிறீர்கள் என்றால், முதல் வரி அதையே திரும்பச் சொல்லாமல் அதன் தொடர்ச்சியாக அமையட்டும்.

படி 5: மடலில் சேர்த்தல்

மடல் அனுப்பும் மென்பொருள்களில் பொதுவாக `Preview text` என்ற பெட்டி இருக்கும். அதில் எழுதினால் போதும். அந்தப் பெட்டி இல்லாமல் நீங்களே எச்.டி.எம்.எல். எழுதுவதாக இருந்தால், `<body>` தொடங்கியவுடன் இதைச் சேருங்கள்:

```html
<div style="display:none;max-height:0;overflow:hidden;">
ஒரு கிலோ 450 ரூபாய். 15ஆம் தேதி அனுப்புகிறோம்.
͏‌ ͏‌ 
</div>
```

இந்த வாசகம் பட்டியலில் தெரியும். மடலைத் திறந்தால் தெரியாது. கடைசி வரியில் உள்ளவை கண்ணுக்குத் தெரியாத குறிகள். முன்னோட்டம் முடிந்தபின் மீதி இடத்தில் மடலின் உடல் வந்து ஒட்டிக்கொள்ளாமல் அவை தடுக்கும். ஒட்டுவது நிற்கும்வரை அந்த வரியைப் பல முறை திரும்ப இடுங்கள். பெட்டியிலும் எழுதி, இந்தக் குறியீட்டையும் சேர்த்தால் வாசகம் இரட்டிப்பாகத் தெரியக்கூடும். இரண்டில் ஒன்று போதும்.

படி 6: சோதனை

ஆண்ட்ராய்டு கைபேசி, ஐபோன், கணினி ஆகியவற்றில் பாருங்கள். உங்களிடம் இல்லாததை வீட்டாரிடம் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். ஒவ்வொரு சோதனைக்கும் பொருள் வரியில் ஓர் எண்ணைச் சேர்த்து மாற்றுங்கள். ஒரே பொருள் வரியோடு அனுப்பினால் ஜிமெயில் அவற்றை ஒரே உரையாடலாக அடுக்கிவிடக்கூடும், எந்தத் துண்டு எந்த மடலுடையது என்று குழப்பம் வரும். பெயரைத் தானாக நிரப்பும் குறி முன்னோட்டத்தில் இருந்தால், பெயர் பதிவாகாத ஒரு முகவரிக்கும் அனுப்பிப் பாருங்கள்; “வணக்கம் ,” என்று வெற்றிடத்தோடு போவது அப்போதுதான் தெரியும்.

பலனை அளக்கும்போது, எத்தனை பேர் மடலைத் திறந்தார்கள் என்ற திறப்பு விகிதத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். மடலிலுள்ள படம் பதிவிறக்கப்படுவதை வைத்தே மென்பொருள் திறப்பைக் கணக்கிடுகிறது. 2021 முதல் ஆப்பிளின் மெயில் செயலியில் தனியுரிமைப் பாதுகாப்பை இயக்கியவர்களுக்கு, மடலிலுள்ள படங்கள் அவர்கள் திறக்காமலேயே பதிவிறக்கப்படுவதால், படிக்காத மடலும் திறக்கப்பட்டதாகக் கணக்கில் ஏறும். தேன் மடலுக்கு, 15ஆம் தேதிக்குள் வந்த ஆர்டர்களை எண்ணுவதே நம்பகமானது. பட்டியலை இரண்டாகப் பிரித்து இரு முன்னோட்ட வரிகளைச் சோதிப்பதும் உண்டு. ஆனால் இருநூறு பேர் மட்டுமே உள்ள பட்டியலில் ஒரு பாதிக்கு ஒன்பது ஆர்டரும் மறு பாதிக்குப் பன்னிரண்டும் வந்தால், அந்த மூன்று ஆர்டர் வேறுபாடு தற்செயலாகவும் வரக்கூடியது. அடுத்த பருவத்து மடலிலும் அதே வகை வரி முந்தினால் மட்டும் அதன் பக்கம் சாயலாம்.