ஒரே எழுத்து, பல ஒலிகள்: தமிழ் வல்லினத்தை ஐ.பி.ஏ.வில் எழுதப் பழகுதல்

மொழியியல் முதலாண்டு வகுப்பில் கொடுக்கப்படும் குறிப்புத்தாளில் பெரும்பாலும், ஐ.பி.ஏ. எனப்படும் அனைத்துலக ஒலியெழுத்தில், இப்படி ஒரு வரி இருக்கும்:

```
k → ɡ / ŋ __
```

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம், வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் மலையாளம் படித்த மாணவர்கள் இந்த வரியில்தான் முதலில் தடுமாறுகிறார்கள். அவர்களுடைய காதில் குறை இல்லை. 'தங்கம்' என்ற சொல்லில் வரும் க, தொண்டை அதிர்ந்து வரும் ஒலிப்புள்ள ஒலி என்பது அவர்களுக்கு உடனே கேட்டுவிடும். மலையாள எழுத்தில் k ஒலிக்கும் ɡ ஒலிக்கும் தனித்தனி எழுத்துகள் இருப்பதால், தமிழிலும் அவை பொருளை வேறுபடுத்தும் இரண்டு தனி ஒலியன்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதிவிடுகிறார்கள் என்பதுதான் சிக்கல். எனவே இந்தப் பாடத்தில் க, ச, ட, த, ப ஆகிய ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டு, விதியைப் படிப்பது எப்படி, ஊர்ப்பெயர்களில் அதைப் பொருத்துவது எப்படி, விடையைத் தாமே சரிபார்ப்பது எப்படி என்று பார்ப்போம். ஆறாவது வல்லினமான ற தனி வழியில் போகும் எழுத்து. அது உயிர்களுக்கு இடையில் நாக்கு அதிரும் [r] ஆகவும், ர என்பது ஒரே ஒரு தட்டான [ɾ] ஆகவும் எழுதப்படும் என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவில் வைத்தால் போதும்.

முதலில், விதியைப் படிப்பது

மேலே உள்ள வரியை மூன்று துண்டாகப் பிரித்துப் படிக்க வேண்டும். அம்புக்குறிக்கு இடப்பக்கம் இருப்பது ஒலியன், வலப்பக்கம் இருப்பது அது வாயில் உண்மையில் ஒலிக்கும் வடிவம். சாய்கோட்டுக்குப் பின் வருவது சூழல். அதிலுள்ள அடிக்கோடு அந்த ஒலி நிற்கும் இடத்தைக் காட்டுகிறது. ஆகவே, 'ங் என்ற மெய்யை அடுத்து வரும் k, ɡ ஆக ஒலிக்கும்' என்பது இதன் பொருள். அடிக்கோடு ŋ என்பதற்கு முன்னால் இருந்தால் பொருளே தலைகீழாகிவிடும் என்பதால், விதியைப் படிக்கும்போது கண் முதலில் அடிக்கோட்டைத் தேட வேண்டும்.

இதோடு ஒட்டி வருவது அடைப்புக்குறி. சாய்கோடுகளுக்குள் எழுதினால் ஒலியன், சதுர அடைப்புக்குள் எழுதினால் ஒலித்த வடிவம். தங்கம் என்பதை /t̪aŋkam/ என்றும் [t̪aŋɡam] என்றும் இரண்டு விதமாக எழுத வேண்டும், இரண்டும் சரி. /t̪aŋɡam/ என்று எழுதினால் மட்டும் தவறு, ஏனென்றால் ங் வந்த பிறகு க எப்படி ஒலிக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. இடத்தைக் கொண்டே தீர்மானிக்கப்படும் வேறுபாட்டுக்குச் சாய்கோடுகளுக்குள் இடமில்லை.

அடுத்து, சூழலை வரிசையாகக் கேட்பது

ஒரு சொல்லில் வல்லினம் வரும் ஒவ்வோர் இடத்திலும் மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேட்டுக்கொள்ளுங்கள். அது இரட்டித்திருக்கிறதா? ஆம் என்றால் ஒலிப்பில்லாத நீண்ட ஒலி: பக்கம் [pakːam]. இல்லையென்றால், அதற்கு முன் மெல்லினம் இருக்கிறதா? இருந்தால் ஒலிப்புள்ளது: பம்பரம் [pambaɾam]. அதுவும் இல்லையென்றால், சொல்லின் முதலில் நிற்கிறதா? அப்படியானால் ஒலிப்பில்லாதது: படி என்பதன் முதல் ஒலி [p]. மிஞ்சியது இரண்டு உயிர்களுக்கு இடைப்பட்ட இடம். அங்கே ஒலி மெலிந்து, ட என்பது [ɖ] ஆகவும், ப என்பது [b] ஆகவும், த என்பது [ð] ஆகவும், ச என்பது [s] ஆகவும் வரும். மாடி [maːɖi], பாதை [paːðai], பசி [pasi].

உயிரிடைக் க மட்டும் கொஞ்சம் நின்று கேட்க வேண்டிய ஒன்று. மகன் என்ற சொல்லை ஒருவர் [maɡan] என்பார், இன்னொருவர் [maɣan] என்பார், வேறொருவர் [mahan] என்பார். குறிப்புத்தாள் இவற்றில் ஒன்றை மட்டுமே கொடுத்திருக்கலாம். நீங்கள் எழுதுவது உங்கள் முன் பேசியவரின் ஒலியை என்பதால், அவர் சொன்னதைத்தான் எழுத வேண்டும். வேறுபாட்டை அறிய ஒரு வழி உண்டு: நடு ஒலியை இழுத்துச் சொல்லிப் பாருங்கள். மூச்சு முழுவதும் அடைபட்டு இழுக்க முடியாமல் நின்றால் அது [ɡ]. உராய்ந்தபடி இழுத்துக்கொண்டே போக முடிந்து, தொண்டையில் விரல் வைத்தால் அதிர்வும் தெரிந்தால் அது [ɣ].

சொல்லின் இறுதியில் வரும் உகரத்துக்கும் ஒரு விதி வேண்டும். காடு என்பதில் வருவது குற்றியலுகரம், உதடு குவியாது, எனவே [kaːɖɯ]. நடு என்பதில் தனிக்குறிலை அடுத்து வருவதால் இலக்கணப்படி முற்றியலுகரம்; உதடு குவியும்; எனவே [naɖu]. ஆனால் அது, இது போன்ற சொற்களைப் பலர் உதடு குவிக்காமல் [aðɯ], [iðɯ] என்றே சொல்கிறார்கள். இங்கே இலக்கணத்தை நம்பி எழுதாமல், பேசுபவரின் உதட்டைப் பார்த்து எழுதுவதுதான் ஒலியெழுத்தின் முறை. உங்கள் பேச்சையே எழுதுவதானால் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள்.

ஒரு சொல்லை முழுதாக எழுதிப் பார்ப்போம்

வாளையாறு தாண்டிப் பாலக்காடு போகும் வழியில் உள்ள கஞ்சிக்கோடு இதற்கு மிகப் பொருத்தமான சொல், ஏனென்றால் நான்கு சூழல்களும் அதில் இருக்கின்றன. முதல் க சொல்லின் தொடக்கத்தில் நிற்கிறது, எனவே [k]. அடுத்து ஞ்ச, மெல்லினத்தை அடுத்து வருவதால் ச இங்கே [dʒ] ஆகிறது, அதற்கு முன்னுள்ள ஞ் [ɲ]. பிறகு க்க, இரட்டித்தது, எனவே [kː]. கடைசியில் டு, இரண்டு உயிர்களுக்கு இடையில் ட வருவதால் [ɖ], இறுதி உகரம் குற்றியலுகரம் என்பதால் [ɯ].

```
/kaɲtʃikːoːʈu/
[kaɲdʒikːoːɖɯ]
```

இரண்டு வரிகளையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்து ஒப்பிட்டால், மாறியவை மூன்று குறிகள் மட்டுமே என்பது தெரியும். இப்படி ஒப்பிடுவதையே சரிபார்க்கும் வழியாக வைத்துக்கொள்ளலாம். மாறிய ஒவ்வொரு குறிக்கும் நீங்கள் ஒரு விதியைச் சுட்டிக்காட்ட முடிய வேண்டும். சுட்டிக்காட்ட முடியாத மாற்றம் ஒன்று இருந்தால், அது எழுத்துப்பிழை அல்லது உங்கள் குறிப்புத்தாளில் இல்லாத ஒரு செய்தி.

தட்டச்சில் நேரும் பிழைகளையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நெடிலுக்கான குறி ː என்பது இரண்டு சிறு முக்கோணங்கள். விசைப்பலகையில் உள்ள முக்காற்புள்ளி அன்று. நாவளை ஒலிகளான ʈ, ɖ, ɳ, ɭ ஆகியவற்றுக்கு வலப்பக்கம் வளைந்த வால் உண்டு. வால் விடுபட்டால் ட வேறொரு ஒலியாகிவிடும். த என்பதற்கு t̪ என்று அடியில் சிறு பாலம் போன்ற குறி இட வேண்டும். பொள்ளாச்சி போன்ற சொல்லில் ச்ச வரும்போது நீள்வது அடைப்பு மட்டும்தான், உராய்வு இல்லை. ஆகவே [tːʃ] என்று t-க்குப் பின் நீட்டற்குறி வர வேண்டும்.

எல்லையில் கேட்கும் இரண்டு பேச்சு

விதி சொல்லும் ஒலியும் காதில் விழும் ஒலியும் பொருந்தாத இடம் எல்லையோர ஊர்களில் அடிக்கடி வரும். கொழிஞ்சாம்பாறை என்ற பெயரைத் தமிழ் பேசுபவர் [koɻiɲdʒaːmbaːrai] என்கிறார். அதே ஊரை மலையாளத்தில் [koɻiɲːaːmbaːra] என்கிறார்கள். கூர்ந்து பாருங்கள்: ஞ்ச என்ற இடத்தில் மலையாளத்தில் வல்லினமே இல்லை, அது மெல்லினத்தோடு கலந்து [ɲː] ஆகிவிட்டது, ஆனால் ம்ப அப்படியே இருக்கிறது. இது தற்செயல் அன்று. மலையாளத்தில் ங்க, ஞ்ச, ந்த ஆகிய மூன்றும் பரவலாக இப்படிக் கலந்துபோயின; ண்ட, ம்ப ஆகிய இரண்டும் கலக்கவில்லை. தமிழின் மாங்காய், கஞ்சி, வந்து என்பவை அங்கே [maːŋːa], [kaɲːi], [ʋanːu] என்று வருகையில், வண்டி மட்டும் இரு மொழியிலும் [ʋaɳɖi].

இதனால் எல்லையில் வாழ்பவர் ஒருவர் தமிழ் பேசிக்கொண்டிருக்கும்போதே [maːŋːa] என்று சொன்னால், விதிப்படி வர வேண்டியது [ŋɡ] என்று திருத்தி எழுதக் கூடாது. சதுர அடைப்புக்குள் கேட்டதை எழுதி, ஓரத்தில் 'மலையாள வடிவம்' என்று ஒரு குறிப்பு வைப்பதே சரி. மாணவர்கள் பலர் விதியைக் காப்பாற்றுவதற்காகக் காதில் விழுந்ததை மாற்றிவிடுகிறார்கள்; அப்படிச் செய்தால் ஆவணமாகவே அது பயன்படாமல் போகும்.

பயிற்சி

கீழே உள்ள சொற்களை முதலில் நீங்களே சதுர அடைப்புக்குள் எழுதிவிட்டு, பிறகு விடையைப் பாருங்கள்: பாலக்காடு, தத்தமங்கலம், பொள்ளாச்சி, வண்டித்தாவளம், கோபாலபுரம்.

```
[paːlakːaːɖɯ]
[t̪at̪ːamaŋɡalam]
[poɭːaːtːʃi]
[ʋaɳɖit̪ːaːʋaɭam]
[ɡoːbaːlabuɾam]
```

தத்தமங்கலத்தில் முதல் த-வை [d̪] என்று எழுதியிருந்தால், சொல்லின் தொடக்கம் என்ற கேள்வியைத் தாண்டிப் போய்விட்டீர்கள் என்று பொருள். வண்டித்தாவளத்தில் ண்ட ஒலிப்புள்ளது, த்த ஒலிப்பில்லாதது. இரண்டும் ஒரே சொல்லில் அடுத்தடுத்து வருவதால் தொண்டையில் விரல் வைத்துச் சொன்னால் அதிர்வு நின்று மறுபடி தொடங்குவது நன்றாகத் தெரியும்.

கடைசிச் சொல்லில் பலருடைய விடை [k] என்று தொடங்கியிருக்கும். விதிப்படி அதுதான் வர வேண்டும். ஆனால் பொள்ளாச்சியிலிருந்து எல்லைக்குப் போகும் பேருந்தில் அந்த ஊர்ப்பெயரைக் கேட்டால் [ɡ] என்றே கேட்கும். கோபால் என்பது வடமொழியிலிருந்து வந்த பெயர். இத்தகைய சொற்களில் சொல்லின் முதலிலும் ஒலிப்புள்ள ஒலி வருகிறது. பஸ் [bas] என்பதும் அப்படியே. பாவம் என்ற ஒரே எழுத்துக்கோவையை, தீவினை என்ற பொருளில் [paːʋam] என்றும், முகத்தில் காட்டும் உணர்ச்சி என்ற பொருளில் [baːʋam] என்றும் பிரித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பேச்சில் p, b இரண்டும் பொருளை வேறுபடுத்துகின்றன. ஆகவே இரண்டையும் சாய்கோடுகளுக்குள்ளும் தனித்தனியாக எழுத வேண்டும். இரண்டையும் [paːʋam] என்றே சொல்பவருக்கு ஒரே ஒலியன் போதும். யாருடைய பேச்சை எழுதுகிறீர்கள் என்பதைத் தாளின் தலைப்பிலேயே, வயது, ஊர், பள்ளியில் படித்த மொழி ஆகியவற்றோடு குறித்துவிட்டு, அதன் பிறகு முதல் சொல்லைத் தொடங்குங்கள்.