படத்தில் வைத்த விளக்கு எரிவதுபோலத் தெரிய: லீனியர் ஒளியில் லேயர்களைக் கூட்டுவது எப்படி?

மங்கலான அறையின் புகைப்படம் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு மேசை விளக்கை வெட்டி ஒட்டுகிறோம். சுற்றிலும் மென்மையான பிரஷால் மஞ்சள் ஒளிவட்டம் வரைகிறோம். பெரும்பாலும் கிடைப்பது ஒளி இல்லை, விளக்கைச் சுற்றிப் புகை படிந்த மாதிரி ஒரு வெளிறல்தான். கருப்பு நாற்காலி சாம்பல் நிறமாகிவிடும், பக்கத்துச் சுவர் வெளுத்துப்போகும். பிரஷை மாற்றினாலும் நிறத்தை மாற்றினாலும் இது சரியாகாது. மென்பொருள் எண்களைக் கூட்டும் விதத்தில்தான் கோளாறு இருக்கிறது.

இந்தப் பதிவில் GIMP 2.10 வைத்து, ஒரே ஒரு விளக்கை ஓர் அறைப் படத்தில் சேர்த்துப் பார்க்கலாம்.

முதலில் அந்தக் கணக்கு

படத்தில் ஒவ்வொரு பிக்ஸலுக்கும் 0 முதல் 255 வரை எண் இருக்கிறது. 128 என்றால் பாதி ஒளி என்று தோன்றும், ஆனால் அப்படி இல்லை. 1999-இல் தரமாக்கப்பட்ட sRGB முறையில் இந்த எண்கள் நம் கண்ணின் உணர்வுக்கு ஏற்ப வளைத்து எழுதப்படுகின்றன. 128 என்பது முழு ஒளியில் சுமார் 22 சதவீதம் மட்டுமே. பாதி ஒளி வேண்டுமென்றால் 188 வரை போக வேண்டும். இருட்டான பகுதிகளுக்கு நிறைய எண்களை ஒதுக்கத்தான் இந்த ஏற்பாடு. சேமிப்பதற்கு அருமையான முறை, ஆனால் ஒளியோடு ஒளியைக் கூட்டும்போது காலை வாரிவிடும்.

ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். இருண்ட சுவரில் பிக்ஸல் மதிப்பு 60. உண்மையான ஒளியாக மாற்றினால் அது 0.045 (முழு வெள்ளை என்பது 1). விளக்கின் ஒளிவட்டம் அந்த இடத்தில் 0.10 ஒளி சேர்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 0.145. அதைத் திரும்ப எண்ணாக்கினால் 106 வரும். இதுதான் சரியான விடை.

வளைந்த எண்களை அப்படியே கூட்டினால் என்ன வரும்? 0.10 ஒளியின் எண் 89. ஆகவே 60 + 89 = 149. இதன் ஒளி அளவு 0.30, அதாவது இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு. புகைமூட்டம் வருவது இதனால்தான். இப்போது அதே ஒளிவட்டத்தை 180 மதிப்புள்ள வெளிச்சமான சுவர் மேல் வையுங்கள். சரியான கணக்கில் 197 வரும், கொஞ்சம்தான் ஏறும். வளைந்த எண்களில் 180 + 89 = 269, அதாவது 255-இல் முட்டி வெள்ளையாக நின்றுவிடும். Screen மோடில் முட்டாது என்பது உண்மைதான். ஆனாலும் இருண்ட சுவரில் 106 வர வேண்டிய இடத்தில் 128 வருகிறது, மூட்டம் அப்படியேதான் இருக்கும்.

படி 1: படத்தை லீனியராக மாற்றுங்கள்

படத்தைத் திறந்து Image > Precision மெனுவில் 32-bit floating point தேர்ந்தெடுங்கள். அதே மெனுவில் Linear light என்பதையும் தேர்ந்தெடுங்கள். திரையில் படம் மாறியதாகவே தெரியாது, தெரியவும் கூடாது. உள்ளே எண்கள் மட்டும் ஒளி அளவுகளாக மாறியிருக்கும். 32 பிட் தேவைப்படுவதற்குக் காரணம், இனி 1-ஐத் தாண்டிய மதிப்புகள் வரப்போகின்றன. 8 பிட்டில் அவற்றுக்கு இடமே கிடையாது.

இங்கே பலரும் குழம்பும் ஒரு விஷயம்: லேயர் மோடுகளின் பட்டியலிலும் Linear light என்று ஒன்று இருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அதைத் தொடாதீர்கள்.

படி 2: விளக்கை வையுங்கள்

வெட்டிய விளக்கைத் தனி லேயராக Normal மோடில் வையுங்கள். இது எரியாத விளக்கின் படமாக இருப்பது நல்லது. எரியும் விளக்கின் படத்தில் ஷேடு ஏற்கெனவே வெளுத்துப்போய், துணியின் நெசவு தெரியாமல் இருக்கும்.

படி 3: ஒளிவட்டம்

விளக்கைச் சுற்றி நாம் பார்க்கும் வட்டம் காற்றில் மிதப்பது இல்லை. லென்ஸுக்குள் ஒளி சிதறுவதால் உண்டாவது. அதனால் பின்னால் சுவர் இருந்தாலும் நாற்காலி இருந்தாலும் ஒரே அளவு ஒளிதான் கூடும். அதாவது வெறும் கூட்டல்.

விளக்கு லேயருக்கு மேலே கருப்பு நிரப்பிய புதிய லேயர் ஒன்றை உருவாக்குங்கள். ஷேடின் வடிவத்தைத் தேர்வு செய்து வெதுவெதுப்பான ஒரு நிறத்தால் நிரப்புங்கள், `ffcb89` நன்றாக இருக்கும். தேர்வை நீக்கிவிட்டு Colors > Exposure போய் Exposure மதிப்பை 4 ஆக்குங்கள். நான்கு ஸ்டாப் என்றால் 16 மடங்கு. திரையில் அந்த வடிவம் வெளுத்துத் தெரியும், கவலை வேண்டாம். சிவப்புச் சேனலில் உள்ளே 16.0 பத்திரமாக இருக்கிறது.

இந்த லேயரை இன்னும் இரண்டு நகல் எடுங்கள். மூன்றுக்கும் Filters > Blur > Gaussian Blur கொடுங்கள், ஆனால் வெவ்வேறு அளவுகளில். ஷேடு ஏறத்தாழ 300 பிக்ஸல் அகலம் இருந்தால் 12, 60, 300 என்று தொடங்கலாம். உண்மையான லென்ஸ் சிதறலுக்கு நடுவில் கூர்மையான உச்சியும் வெகுதூரம் நீளும் மெல்லிய வாலும் உண்டு. ஒரே ஒரு காஸியன் மங்கலில் இந்த வால் வராது, வட்டம் ஓர் இடத்தில் சட்டென்று முடிந்த மாதிரி இருக்கும்.

மூன்றையும் Addition மோடில் வையுங்கள். லேயரில் வலது கிளிக் செய்து Blend Space > RGB (linear) என்பதையும் தேர்ந்தெடுங்கள். முதல் இரண்டுக்கும் ஒளிபுகா அளவை, அதாவது Opacity-யை 2 சதவீதமும் மூன்றாவதற்கு 5 சதவீதமும் கொடுத்துப் பாருங்கள். இவ்வளவு குறைவா என்று தோன்றும். ஆனால் அந்த 16 மடங்கு இருப்பதால் மூன்றாவது லேயர் மட்டுமே ஷேடின் ஓரத்தில் 0.08 அளவுக்கு ஒளி சேர்க்கும். Exposure படியைத் தவிர்த்திருந்தால் அதே இடத்தில் 0.005 மட்டுமே கிடைத்திருக்கும், கண்ணுக்கே தெரியாது. ஒளிவட்டம் சோகையாக இருக்கிறது என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் 1-இல் வெட்டுப்பட்ட விளக்கைத்தான் மங்கலாக்கியிருப்பார்கள்.

படி 4: அறையில் விழும் ஒளி

ஒளிவட்டத்தோடு நிறுத்தினால் விளக்கு அறையில் இருப்பதாகவே தெரியாது. அதன் ஒளி சுவரிலும் மேசையிலும் விழ வேண்டும். இது வெறும் கூட்டல் அல்ல. வெள்ளைச் சுவர் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும், கருப்பு நாற்காலி மிகக் கொஞ்சம்தான் அனுப்பும். அந்த விகிதத்தைத் தெரிந்துகொள்ள நம்மிடம் இருப்பது புகைப்படமே.

ஆகவே அறைப் படத்தின் லேயரை நகலெடுத்து, அதற்கு நேர் மேலே Addition மோடில், Blend Space RGB (linear) வைத்து விடுங்கள். நகலின் Exposure-ஐ 2 ஸ்டாப் ஏற்றி, நிறத்தைக் கொஞ்சம் மஞ்சள் பக்கம் தள்ளுங்கள். பிறகு கருப்பு மாஸ்க் சேர்த்து, ஒளி விழும் இடங்களை அதில் வெள்ளையால் திறந்துவிடுங்கள். ஆரவடிவ கிரேடியன்ட் நல்ல தொடக்கம்.

இங்கே கண்ணை நம்பக் கூடாது. சிறிய விளக்கிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் ஒளி கால்பங்காகும். கால்பங்கு ஒளி sRGB எண்ணில் 137, பார்வைக்குப் பாதி சாம்பல். அதனால் கண் பார்த்து வரைந்தால் ஒளி குறைய வேண்டிய அளவுக்கு வேகமாகக் குறையாமல் அறை முழுவதும் பரவிவிடும். கலர் பிக்கரில் Use info window-ஐ இயக்கி, மதிப்புகளை Pixel முறையில் வைத்து மாஸ்க்கைச் சோதியுங்கள். விளக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி 0.8 என்றால் இரண்டு சாண் தள்ளி 0.2 பக்கம் இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் மாஸ்க்கின் மேல் Curves திறந்து நடுப்பகுதியைக் கீழே இழுங்கள். விளக்கின் ஒளியை ஏதாவது பொருள் மறைத்தால் அதன் நிழலையும் மாஸ்க்கிலேயே கருப்பால் வரையுங்கள்.

இந்த முறைக்கு எல்லை உண்டு. மூலப்படத்தில் ஏற்கெனவே ஆழ்ந்த நிழல் இருந்தால், நாம் பெருக்குவது நிழலைத்தான், பொருளின் நிறத்தை அல்ல. JPEG படமாக இருந்தால் இருட்டில் ஒளிந்திருந்த கட்டம் கட்டமான கறைகளும் சேர்ந்து வெளியே வரும். RAW கோப்பிலிருந்து தொடங்கினால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

கணினித் திரையை வைப்பதாக இருந்தாலும் வழி இதுதான். திரையை 16 மடங்கு ஏற்ற வேண்டாம், மங்கலான அறைக்கு ஒன்று அல்லது இரண்டு ஸ்டாப் போதும். திரையின் கருப்பு மேல் அறையின் பிரதிபலிப்பை லேசாகக் கூட்டுங்கள். சுத்தக் கருப்பாக விட்டால் படத்தில் ஓட்டை போட்ட மாதிரி இருக்கும்.

படி 5: சரியாக வந்ததா?

12 அளவு ஒளிவட்ட லேயரை நகலெடுத்து எல்லாவற்றுக்கும் மேலே கொண்டுபோங்கள். நகலை Normal மோடிலும் 100 சதவீத Opacity-யிலும் வைத்து, அதன் Exposure-ஐ −3 ஆக்குங்கள். சுற்றிலும் கருப்பாக இருக்க, விளக்கின் நடுப்பகுதி இன்னும் பளிச்சென்று, ஓரம் சீராகத் தேய்ந்து தெரிந்தால் கணக்கு சரி. விளக்கு தட்டையான சாம்பல் துண்டாக மாறினால் எங்கோ 1-இல் வெட்டுப்பட்டிருக்கிறது. நிரப்பிய லேயரை 8 பிட்டில் தயாரித்துக் கொண்டுவந்தீர்களா, Exposure படி விடுபட்டதா என்று பாருங்கள். சோதனை முடிந்ததும் இந்த லேயரை அழித்துவிடுங்கள்.

படி 6: வெளியே எடுப்பது

முதலில் XCF கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு Image > Flatten Image, அதற்கு அப்புறம்தான் 8 பிட்டுக்கு மாற்ற வேண்டும். வரிசை மாறினால் ஒவ்வொரு ஒளி லேயரும் தனித்தனியாக 1-இல் வெட்டுப்பட்டு, இத்தனை வேலையும் வீணாகும். மாற்றும்போது வரும் பெட்டியில் டிதரிங்கை இயக்குங்கள், இல்லாவிட்டால் ஒளிவட்டத்தின் இருண்ட வாலில் வளையம் வளையமாகப் பட்டைகள் தெரியும்.

ஆரஞ்சு விளக்கின் நடுவில் திடீரென்று எலுமிச்சை மஞ்சள் தெரிந்தால், சிவப்பும் பச்சையும் இரண்டுமே 1-ஐத் தாண்டி ஒன்றாக வெட்டுப்பட்டுவிட்டன என்று அர்த்தம். XCF-க்குத் திரும்பிப் போய், 12 மற்றும் 60 அளவு லேயர்களின் Opacity-யை 1 சதவீதமாக்கி மறுபடி ஏற்றுமதி செய்தால் ஆரஞ்சு பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.